மின்மினிப் பாதையில் பிடித்த கை

பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் டூட்டி போடுகிறவனுக்கு 'அட்டவணை' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. வைத்தவன் ஆளைச் சரியாக எடை போட்டிருந்தான். காலையில் பல் தேய்ப்பதிலிருந்து இரவு கதவைத் தாழ் போடுவது வரை எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வரிசை உண்டு. வரிசை கலைந்தால் அன்று முழுக்க அவனுக்கு எதுவும் ஓடாது.

அவனுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அது வாயால் சொல்லும் பெயரல்ல. அவன் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளும் அவள் தோழிகளும் சைகையில்தான் பேசுவார்கள், பழகிய ஆளுக்கெல்லாம் ஒரு சைகையைப் பெயராக வைத்துவிடுவார்கள். குண்டாக இருப்பவரைக் குண்டு என்றும் மூக்கு நீண்டவரை மூக்கு என்றும் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இவனுக்கு அவர்கள் வைத்த பெயர், மணிக்கட்டைத் தொட்டு விரலை முன்பக்கம் தள்ளுவது. 'அப்புறம்' என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அதைக் கேலி என்று நினைத்து அவனும் சேர்ந்து சிரித்தான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவன் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் பேச்சு போகவில்லை. அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவன், ஊர்க்கதை அத்தனையும் அவன் கேமராப் பையோடு வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். மனைவி ஒவ்வொரு வாயாக மாறி மாறிப் பார்ப்பாள். என்ன என்று அவனைக் கேட்பாள். அவன் வாய் நிறையச் சிரிப்போடு, "அப்புறம் சொல்றேன்" என்று கை காட்டுவான். இரவு படுக்கப் போகும்போது நினைவு வந்தால் சொல்லுவான். ஒரு மணி நேரப் பேச்சு நாலே சைகையில் முடிந்துவிடும்: பக்கத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, உடைந்தது, சண்டை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டால் அவனுக்கே தெரியாது.

அம்மாவின் பணி ஓய்வு விருந்தில் மனைவி மூன்று மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, விளக்கைப் போட்டு, அவன் எதிரே நின்று நிதானமாகக் கையை அசைத்தாள்.

"இந்த லீவுக்கு உங்க வீட்டு ஆளுங்களோட வெளியூர் வரேன்னு ஒத்துக்கிட்டேன். வரேன். அங்கயும் பெட்டி மாதிரி ஒரு மூலைல கிடந்தேன்னா, அதோட சரி. அதுக்கப்புறம் உங்க அம்மா வீட்டுக்கு நீ மட்டும் போ. என் தோழிங்க வீட்டுக்கு நான் மட்டும் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பான். அவள் டூட்டி மாற்றம் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரே டிப்போவிலிருந்து கிளம்பி ஒரு நிறுத்தத்தில்கூடச் சந்திக்காத இரண்டு பஸ்களைப் போலக் குடும்பம் நடத்துகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். அவர்கள் சண்டை போடுவதே கிடையாது.

அப்போதுதான் அவனுக்கு மின்மினி யோசனை வந்தது. டிப்போவில் ஒரு டிரைவர் போய்விட்டு வந்து வாய் ஓயாமல் சொன்னார். மலையடிவாரத்தில் ஒரு விடுதி. பொழுது சாய்ந்ததும் காட்டுப் பாதையில் நடத்திக் கூட்டிப் போகிறார்கள். மரமெல்லாம் மின்மினி. "மூச் விடக் கூடாது சார். யாரும் பேசறதில்ல. சும்மா பார்க்கறதுதான்."

சும்மா பார்ப்பது. யாரும் பேசாமல் இருப்பது. அட்டவணைக்கு மண்டைக்குள் மணி அடித்தது. அம்மாவும் அண்ணனும் வாயை மூடியாக வேண்டிய இடம் இந்த உலகத்தில் ஒன்று இருக்கிறது. அங்கே அவளுக்கு எதுவும் தவறிப்போகாது. எல்லாரும் சமம். தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

விடுதிக்குப் போன் செய்தான். எடுத்தவர் நடைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டியம்மா. பூச்சிகளைப் பற்றிப் படித்தவர், முழங்கால் வலிக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

"எந்தத் தேதிக்கு புக் பண்ணலாம் மேடம்?"

"தேதி நான் எப்படி சொல்றது? மழைய கேளுங்க."

"புரியல மேடம்."

"வெயில் காலம் முடியறப்ப முதல் ரெண்டு மூணு மழை விழணும். மண்ணு நல்லா நனையணும். அப்பதான் வெளிய வரும். பெருமழை பிடிச்சிருச்சுன்னா அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. நடுவுல ரெண்டு மூணு வாரம் கிடைக்கும். ஒரு வருஷம் முன்னாடி வரும், ஒரு வருஷம் தள்ளிப் போகும். அதுலயும் அமாவாசைய ஒட்டி வாங்க. நிலா இருந்தா அதுங்களோட வெளிச்சம் எடுபடாது."

டூட்டி போடுகிறவனிடம் போய் 'மழையைக் கேள்' என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் விடவில்லை. உத்தேசமாக ஒரு வாரத்தைக் குறித்துவைத்தான். யார் யாருடைய லீவை எங்கே தள்ளலாம் என்று கணக்குப் போட்டான். தினமும் காலையில் வானிலை பார்த்தான், வழிகாட்டியம்மா அலுத்துப்போகும் வரை போன் செய்தான்.

வீட்டில் வேறு விதமான மழை. அம்மாவுக்குப் பௌர்ணமிதான் வேண்டும். "இருட்டுல போய் என்னத்தடா பார்க்கறது? நிலா வெளிச்சம் இருந்தா பாதையாவது தெரியும்." அண்ணனுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் வரும் அரசு விடுமுறைதான் வேண்டும். "சீசன் முடிஞ்சா என்னடா, ஒண்ணு ரெண்டு பூச்சி இருக்காதா? நான் லைட்ட அடிச்சு தேடிக் கண்டுபிடிக்கறேன்."

"லைட் அடிக்கக் கூடாதுண்ணா."

"கல்யாணத்துல மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா அடிக்கறேன், அவனே ஒண்ணும் சொல்றதில்ல. பூச்சிக்கு என்னடா மரியாதை?"

அட்டவணை ஒரு வாரம் மன்றாடி இரண்டு பேரையும் வழிக்குக் கொண்டுவந்தான். இரண்டாவது மழை விழுந்த மறுநாள் வழிகாட்டியம்மாவே கூப்பிட்டார். "வர ஆரம்பிச்சிருச்சு. இந்த வாரம் கிளம்புங்க." அமாவாசைக்கு முந்தைய நாளும் அமாவாசையும், இரண்டு மாலைகள் பதிவு செய்தான். மேலதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாக லீவு வாங்கினான். மனைவி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள், மெழுகில் பல்லைச் செதுக்குவதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. நான்கு பேருடைய பல் செட்டை இரண்டு நாள் முன்பே முடித்துக் கொடுத்துவிட்டு அவளும் கிளம்பினாள்.

முதல் மாலை, நடைக்கு முன்னால் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்தார் வழிகாட்டியம்மா. இவர்களோடு வேறு இரண்டு குடும்பங்களும் இருந்தன. அட்டவணை மனைவிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் சைகையில் சொன்னான்.

முழுக்கைச் சட்டை, நீள பேன்ட், மூடின செருப்பு. கொசுவுக்கு எதையும் பூசவோ தெளிக்கவோ கூடாது, பூச்சி மருந்து மின்மினிக்கும் மருந்துதான். பாதையை விட்டு இறங்கக் கூடாது, பெண் மின்மினி கீழே புல்லில்தான் உட்கார்ந்திருக்கும், குஞ்சுப் புழுக்கள் சருகுக்கடியில் இருக்கும். பிடிக்கக் கூடாது, பாட்டிலில் போடக் கூடாது. போனை அணைத்துப் பையில் வைக்க வேண்டும். டார்ச் ஒன்றே ஒன்று, அது வழிகாட்டியம்மா கையில், அதன் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதையும் தரையைப் பார்த்துத்தான் பிடிப்பார்.

"ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் போதும்," என்றார் அவர். "அதுங்க ஒண்ணோட ஒண்ணு வெளிச்சத்துலதான் பேசுது. ஆண் பறந்துக்கிட்டே மின்னும். புல்லுல இருக்கிற பெண்ணுக்கு பிடிச்சிருந்தா பதிலுக்கு மின்னும். நடுவுல நீங்க லைட்ட போட்டா எல்லாம் வாயை மூடிக்கும். நம்ம கண்ணும் போச்சு, மறுபடி இருட்டு பழக கால் மணி அரை மணி ஆகும்." சொல்லிவிட்டு அண்ணனையே பார்த்தார். அண்ணனின் கழுத்தில் கேமரா தொங்கியது.

"நான் சத்தியமா போட மாட்டேங்க," என்றான் அண்ணன்.

மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அட்டவணைக்கு மனசு நிறைந்துபோனது. இதுவரை ஒரு கூட்டத்திலும் அவளுக்கு இவ்வளவு முழுசாக அவன் சொன்னதில்லை. இனி அடுத்த ஒரு மணி நேரம் சொல்லவே எதுவும் இருக்காது என்று நினைத்தான்.

பொழுது விழுந்து, கடைசி வெளிச்சமும் இலைகளுக்கிடையே வடிந்த பிறகு, வரிசையாக நடந்தார்கள். முதலில் வழிகாட்டி, பின்னால் மற்ற குடும்பங்கள், அப்புறம் அம்மா, அண்ணன், அட்டவணை, மனைவி. காற்றே இல்லை. ஈரமண் வாசனை மட்டும். ஒரு வளைவு திரும்பியதும் சிவப்பு டார்ச்சும் அணைந்தது.

முதலில் ஒன்று. அப்புறம் அங்கே ஒன்று. பிறகு ஒரு மரம் முழுக்க ஒரே நேரத்தில் எரிந்து அணைந்தது. பக்கத்து மரம் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததுபோல அடுத்து எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் வெளிச்சம் மரத்திலிருந்து மரத்துக்கு நடந்துபோனது. அம்மா வாயடைத்து நின்றாள், அதுவே ஓர் அதிசயம்தான்.

ஆனால் டிரைவர் சொன்னது முழு உண்மையல்ல. யாரும் பேசுவதில்லை என்றால் சத்தம் போடுவதில்லை என்று பொருள். கிசுகிசுப்புக்குத் தடை இல்லை. மின்மினிக்கு நம் பேச்சால் தொந்தரவு இல்லை என்று வழிகாட்டியம்மாவே மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார். எந்த மரத்தைப் பார்க்க வேண்டும், புல்லில் எங்கே பெண் பதில் சொல்கிறது, பதில் வந்ததும் ஆண் எப்படி இறங்குகிறது என்றெல்லாம். "பத்து பேரு மின்னினாலும் அவ ஒருத்தனுக்குத்தான் பதில் சொல்லுவா," என்றார். அம்மா எக்ஸ்சேஞ்ச் குரலில், "மத்த லைன் எல்லாம் என்கேஜ்டா?" என்று கேட்டாள். வரிசை முழுக்கக் குலுங்கியது. அட்டவணையும் சிரித்தான்.

அவனுக்குப் பின்னால் நின்றவளுக்கு அந்தக் குலுக்கல் மட்டும் தெரிந்தது. எதிரே தெரிந்தது வெளிச்சப் புள்ளிகள், அதற்கு முன்னால் கறுப்பாகத் தோள்கள். தோள்கள் சிரித்தன. ஒரு முகம் இல்லை, ஓர் உதடு இல்லை, ஒரு கை இல்லை. சாப்பாட்டு மேசையிலாவது முகங்கள் இருக்கும்.

அவள் கை நீண்டு அவன் கையைத் தேடிப் பிடித்தது. அட்டவணைக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் விரல்கள் அவன் உள்ளங்கையில் நெளிந்தன. நடுங்குகிறாள் என்று இன்னும் இறுக்கினான். அவள் இழுத்தாள். 'நான் இருக்கேன்' என்பதுபோல இன்னொரு கையையும் மேலே வைத்து மூடினான். இரண்டு கையாலும் அணைத்து, தைரியம் சொல்லி, உத்தமமான கணவனாக நின்றான்.

அவள் வெடுக்கென்று கையைப் பிடுங்கினாள். அடுத்த நொடி பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம்.

அண்ணன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "நான் இல்ல! நான் இல்ல!" என்று அவன் கேமராவைத் தூக்கிக் காட்டினான். திரும்பிப் பார்த்தால் மனைவி. இடது கையில் போன், அந்த வெளிச்சத்தில் வலது கை அவனைப் பார்த்து வெட்டியது: "என்ன சிரிப்பு? என்ன சொல்றாங்க? கையை ஏன் விட மாட்டேங்கற?"

"ஐயோ, அணைங்க, அணைங்க!" என்று மற்றக் குடும்பத்துப் பெண் கத்தினாள். மனைவிக்குக் கத்தலும் கேட்காது. அட்டவணை பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்தான். அணைத்த பிறகு சுற்றிலும் கனத்த கறுப்பு. பக்கத்து மரங்களில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நின்று பார்த்தார்கள். கண்ணுக்குள் அந்த வெள்ளைதான் மிதந்தது. தூறலும் ஆரம்பித்தது. வழிகாட்டியம்மா சிவப்பு டார்ச்சைப் போட்டு, "திரும்பிடலாம்," என்றார்.

விடுதி வாசலில் அவர் அட்டவணையைத் தனியே நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நாளைக்கு அவங்க வேணாம். மத்தவங்களும் காசு கொடுத்து வந்திருக்காங்க. அதைவிட, அந்தப் பூச்சிக்கு இருக்கிற வாழ்நாளே ரெண்டு மூணு வாரம்."

பின்னால் அம்மாவும் தன் பங்குக்குச் சொன்னாள். "அவ ரூம்லயே இருந்து ரெஸ்ட் எடுக்கட்டும்டா. அவளுக்கும் நிம்மதி." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா எதையுமே கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அதுதான் சிக்கல். மனைவி தள்ளி நின்று இரண்டு வாய்களையும் பார்த்தாள். இந்த முறை அவள் என்ன என்று கேட்கவில்லை.

அறைக்குள் போனதும் அவள் பெட்டியை இழுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். காலை வரை ஊருக்கு பஸ் கிடையாது என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் குறுக்கே போய் நின்றான்.

"இருட்டு பயமா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். ஒரு முட்டாளை முதல் தடவையாக முழு உருவத்தில் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"எனக்கு இருட்டு பயமா?" கைகள் வேகமாகப் போயின. "ஹாஸ்டல்ல சாப்பாடு முடிஞ்சதும் விளக்கை அணைச்சிடுவாங்க. அதுக்கப்புறம் எப்படிப் பேசினோம்னு நினைக்கற? ஒருத்தி கைக்கு மேல இன்னொருத்தி கைய வச்சு. கைக்குள்ள கை. ஒரு கட்டில்ல நாலு பேரு உக்காந்து கதை பேசியிருக்கோம். வார்டன் வந்தா, நடந்து வர அதிர்வு கட்டில் கால்ல தெரியும். இருட்டுல பேசறதுல நான் ராணி. அங்க உன்கிட்ட பேசத்தான் கைய நீட்டினேன். நீ பிடிச்சு அமுக்கிட்ட. இழுக்கறேன், இன்னும் அமுக்கற. உன் வாயை யாராவது ரெண்டு கையால பொத்தினா நீ என்ன பண்ணுவ?"

அட்டவணை கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஹாஸ்டலில் இரவில் என்ன செய்வீர்கள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறான். வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவன் முயற்சி செய்யவில்லை.

"சொல்லிக் கொடு," என்றான்.

"அப்புறம்," என்றாள் அவள், மணிக்கட்டைத் தொட்டு விரலைத் தள்ளி. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் அம்மாவோடும் அண்ணனோடும் நீர்வீழ்ச்சிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னான். இரண்டு பேரும் கிளம்பிப் போனதும் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினான், இடுக்குகளில் துண்டைச் செருகினான், அறை இருண்டது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். வேண்டுமென்றே காக்க வைக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது, காத்திருந்தான். பிறகு அவன் கைகளை எடுத்துத் தன் கைகளின் மேல் கவிழ்த்துப் போட்டாள்.

பிடிக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். கேட்கிறவன் கை, பேசுகிறவள் கைமேல் இறகுபோல ஒட்டிக்கொண்டு கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு அது வரவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் பழக்கதோஷத்தில் இறுக்கினான், அவள் அவன் முட்டியில் ஓர் அடி வைத்தாள். அவள் 'தண்ணீர்' என்றால் 'அம்மா' என்று புரிந்துகொண்டான். 'கொசு' என்றதை 'டிக்கெட்' என்றான். வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். தப்பானால் மறுபடி. மெழுகுப் பல் சரியாக வராவிட்டால் உருக்கிவிட்டு மறுபடி வார்ப்பவள், பொறுமைக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் ஆகும்போது அவனுக்குத் தோள்பட்டை கடுத்தது. ஆனால் 'உங்கள் அண்ணன் குறட்டை விடுவது சுவரில் தெரிகிறது' என்ற முழு வாக்கியத்தை ஒரே தடவையில் வாங்கிவிட்டான்.

பிறகு இரண்டு பேரும் வழிகாட்டியம்மாவின் அலுவலக அறைக்குப் போனார்கள். அவர் முழங்காலில் சூடு ஒத்தடம் வைத்துக்கொண்டு, சிவப்புக் காகிதத்தை டார்ச்சில் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தார். அட்டவணை பேச வாயெடுத்தான். மனைவி அவன் தோளைத் தட்டி, 'நான் பேசறேன், நீ அப்படியே சொல்லு' என்றாள்.

"மேடம், நேத்து நான் பண்ணது தப்பு," என்று அவள் கையைப் பார்த்து அவன் குரல் கொடுத்தான். "விதி தெரிஞ்சே போட்டேன். அந்தப் பூச்சிங்ககிட்டயும் மத்தவங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்." அடுத்தது வந்ததும் அவன் நின்றான். அவள் கண்ணாலேயே 'ம்' என்றாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆனா ஏன் போட்டேன்னா... என் புருஷன் ஒரு மக்கு. நான் கைல பேசப் போனேன், அவர் என் வாயைப் பொத்திட்டார்."

"அப்படியேவா சொன்னாங்க?" என்றார் வழிகாட்டியம்மா.

"மக்குன்னு சொல்லல மேடம். அதைவிடக் கொஞ்சம் பெரிய வார்த்தை. தமிழ்ல கிட்டத்துல அதுதான் வருது."

வழிகாட்டியம்மா சிரித்துவிட்டார். சிரித்தாலும் சட்டென்று இறங்கி வரவில்லை. இருட்டில் எப்படிப் பேசுவீர்கள், கை ஆட்டும்போது செடியில் படாதா, திடீரென்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அட்டவணை ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டு அவள் பதிலையே சொன்னான், தன் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. நடக்கும்போது பேச மாட்டோம், நின்ற பிறகுதான். கை நெஞ்சுக்கு நேராகவே இருக்கும். அவசரமென்றால் தோளில் இரண்டு தட்டு. போன் அறையிலேயே இருக்கும்.

"போன் உங்களுது மட்டும் இல்ல, இன்னிக்கு எல்லார் போனும் இந்தக் கூடையில," என்றார் அவர் கடைசியில். "நேத்தே அப்படிச் செஞ்சிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் என் பக்கத்துல முதல்ல நடங்க. நான் சொல்றது சரியா கேக்கும். இவருக்கு," என்று திருத்திக்கொண்டார்.

சாயங்காலம் கூடையில் போனோடு கேமராவையும் போடும்போது அண்ணனின் முகம் செத்துப்போனது. அம்மாவுக்கு இன்னும் சமாதானமில்லை. "மறுபடி ஏதாவது ஆச்சுன்னா மானம் போயிரும்டா." அட்டவணை திரும்பி நின்று அதை அப்படியே மனைவிக்குச் சைகையில் சொன்னான். அம்மா திகைத்துப்போய், "இதையெல்லாம் ஏன்டா அவகிட்ட சொல்ற?" என்றாள். அதையும் சொன்னான். மனைவி அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டி, 'ஒண்ணும் ஆகாது' என்று காட்டினாள். அம்மா தன் போனைக் கூடையில் போட்டாள்.

அன்று தூறல் இல்லை. இருட்டு நன்றாகக் கட்டிக்கொண்டது. வளைவு தாண்டியதும் டார்ச் அணைந்தது, மரங்கள் எரிய ஆரம்பித்தன, முந்தின நாளைவிட அதிகம். அட்டவணை திரும்பி அவள் எதிரே நின்று கைகளை நீட்டினான். அவள் கைகள் வந்து அவன் கைமேல் உட்கார்ந்தன, இறகுபோல. இப்போது பேச வேண்டியது அவன்.

வழிகாட்டியம்மா கிசுகிசுக்கக் கிசுகிசுக்க அவன் சொல்லிக்கொண்டே வந்தான். இடது பக்கம் பெரிய மரம். கீழே புல்லில் ஒரு பெண், தனியாக மின்னுகிறது, இரண்டு தப்படி தூரம். அவன் தடவித் தடவித்தான் பேசினான், பாதி வார்த்தைகளை இரண்டு தரம் சொன்னான். அவள் சரி என்றால் அவன் கையில் ஒரு தட்டு, புரியாவிட்டால் ஒரு சுண்டு. சுண்டும் தட்டும் மாறி மாறி வந்தன. முந்தின நாள் சிரித்த சிரிப்பு அவன் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வழிகாட்டியம்மா மூச்சு வாங்க நின்றபோது, நேற்று அவர் சொன்னதையும் அம்மா டெலிபோன் லைன் பற்றிக் கேட்டதையும் சொன்னான். ஒரு நாள் பழைய சிரிப்பு. அவள் தோள் குலுங்குவது அவன் கையில் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். கைகள் இடம் மாறின, அவன் கைகள் மேலே. அவள் பேச்சு கடகடவென்று ஓடியது, அவன் பின்னாலேயே ஓடினான். அந்த மரம் எங்கள் லேபில் உலோகத்தைத் தேய்க்கும்போது பொறி பறப்பதுபோல இருக்கிறது என்றாள். உங்கள் அண்ணன் கேமரா இல்லாமல் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார் பார், புள்ளிகளுக்குக் குறுக்கே தெரிகிறது என்றாள். ஹாஸ்டலில் வார்டனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா என்று கேட்டாள், சொன்னாள். அது எழுத முடியாத பெயர். அட்டவணை வாயைப் பொத்திக்கொள்ளக் கை இல்லாமல் மூக்கால் சிரித்துவிட்டான். அவள் ஒரு கூட்டத்தின் நடுவில் இத்தனை பேசி அவன் பார்த்ததே இல்லை. பயம் விட்டுப்போய் உடம்பே லேசானது.

பின்னால் இருட்டிலிருந்து அம்மாவின் கிசுகிசுப்பு வந்தது. "என்னடா சிரிக்கற? என்ன சொல்றா அவ?"

அட்டவணையின் கைகள் மனைவியின் கைமேல்தான் இருந்தன. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம் சொல்றேம்மா," என்றான்.

அம்மா பக்கத்தில் நின்ற அண்ணனிடம், "என்னவாம்?" என்று கேட்பது கேட்டது. "எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றான் அண்ணன். அட்டவணை அதை ஒரு வார்த்தை விடாமல் மனைவியின் கைக்குள் சொன்னான்.